ஒரே பையில் மதுரையும் மணாலியும்

டிசம்பர் விடுமுறையில் மதுரையில் அண்ணன் மகள் கல்யாணம், அங்கே 5 நாள். அப்படியே டெல்லியில் 3 நாள், மணாலியில் 5 நாள். திரும்பும்போது டெல்லியிலிருந்து நேரே சிங்கப்பூர். பெட்டியை லக்கேஜில் போட்டுவிட்டு பெல்ட் முன்னால் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. பட்டுப்புடவை, குளிர் துணி எல்லாம் 7 கிலோவுக்குள் அடங்குமா?
— வாசகி, ஈசூன்

அடங்கும். ஆனால் துணியை எடுப்பதற்கு முன் காலிப் பெட்டியைத் தராசில் வையுங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி பலவும் 3 கிலோவை ஒட்டி வரும். மெல்லிய துணிப்பை என்றால் 1.2 கிலோ போதும். உங்கள் பயணத்தில் இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எப்படி என்று கணக்கோடு காட்டுகிறேன்.

வெயிலுக்கு ஒரு செட், குளிருக்கு ஒரு செட் என்று எடுத்தால் எந்தப் பையிலும் கொள்ளாது. மதுரையில் போட்ட அதே குர்த்தியைத்தான் மணாலியிலும் போடப்போகிறீர்கள், அடியிலும் மேலேயும் சேர்த்துக்கொண்டு. அதற்காக மூன்று குர்த்தியையும் முழுக்கையாகவோ முக்கால் கையாகவோ, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் தளர்வாக எடுங்கள். மதுரை வெயிலுக்குத் தளர்வு நல்லது. மணாலியில் அந்த இடைவெளிக்குள் தெர்மல் போகும்.

மூன்று குர்த்தி, இரண்டு லெகிங்ஸ், ஒன்றிரண்டு துப்பட்டா எல்லாம் சேர்ந்து 1 கிலோ. பட்டுப்புடவை, ஜாக்கெட், பாவாடை இன்னொரு கிலோ. தெர்மல் இரண்டு செட் 650 கிராம். ஃபிலீஸ் மேல்சட்டை, காற்றும் தூறலும் தடுக்கும் மெல்லிய விண்ட்சீட்டர், ஒரு கம்பளிச் சால்வை மூன்றும் 850 கிராம். உள்ளாடையும் காலுறையும் 500, செருப்பு 400, குல்லாயும் கையுறையும் 150, சோப்பு, கிரீம் வகையறா 500. மொத்தம் 5 கிலோ சொச்சம். துணிப்பையோடு சேர்த்தால் ஆறேகால் கிலோ. சார்ஜர், மருந்துக்கு இடம் மிச்சம். இதே துணியைக் கெட்டிப் பெட்டியில் வைத்தால் 8 கிலோ. இந்திய உள்நாட்டு விமானங்களிலும் பொதுவாக ஒரு பை, 7 கிலோதான். மதுரையில் கவுன்டரில் நின்று புடவையை வெளியே எடுக்க வேண்டிவரும்.

இறகு ஜாக்கெட்டும் ஷூவும் கணக்கில் இல்லையே என்பீர்கள். ஷூ காலில், ஜாக்கெட் கையில். சாங்கியிலிருந்து அதைச் சுமந்துகொண்டு போவது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் தோன்றும். விமானத்துக்குள் ஏறியதும் அதுவே தலையணை.

இனி மணாலி. டிசம்பர் இரவுகளில் அங்கே வெப்பம் 0 டிகிரியை ஒட்டிப் போகும், சில நாள் அதற்கும் கீழே. டெல்லியிலும் விடியற்காலை 8 டிகிரி சாதாரணம். இங்கிருந்து போகிறவர்கள் எதிர்பார்க்காதது ஒன்று உண்டு: வீட்டுக்குள்ளும் குளிரும். சிறிய ஹோட்டல்களில் ஹீட்டர் கேட்டால்தான் வரும், பல இடங்களில் அதற்குத் தனிக் காசு. தெர்மல் இரண்டு செட் சொன்னது அதற்காகத்தான். ஒன்று பகலுக்கு, ஒன்று தூங்குவதற்கு. பகலில் போட்டதோடு படுத்தால், அதில் ஊறிய வியர்வை இரவெல்லாம் நடுங்க வைக்கும்.

போடும் வரிசை: உடம்பை ஒட்டித் தெர்மல், மேலே குர்த்தி, அதற்கு மேல் ஃபிலீஸ், நின்றால் இறகு ஜாக்கெட், காற்றடித்தால் விண்ட்சீட்டர். தெர்மலுக்கு அடியில் பருத்தி ஷிம்மீஸ் போடாதீர்கள். நம் வீடுகளில் பழக்கத்தில் செய்வது இது. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அதன்மேல் எத்தனை அடுக்கு போட்டாலும் சூடு வராது.

ஹிடிம்பா கோவிலுக்குத் தேவதாரு மரங்களுக்கிடையே ஏறும்போது இதைக் கவனியுங்கள். ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடாகும். தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகு கசகசத்தால் ஏற்கெனவே தாமதம். கிளம்பும்போதே ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், லேசாகக் குளிரட்டும். மேலே போய் நின்றதும் மாட்டிக்கொள்ளுங்கள். இறகு ஜாக்கெட் உட்காருவதற்கும் நிற்பதற்கும் உரியது, ஏறுவதற்கு இல்லை.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை. ஏர்கானைப் போட்டுக்கொண்டு எல்லா அடுக்கையும் அணிந்து, இரு கைகளையும் மார்போடு கட்டிப் பாருங்கள். அக்குளிலோ முதுகிலோ இழுத்துப் பிடித்தால் அந்த வரிசை உதவாது. சூடு கொடுப்பது துணிகளுக்கு இடையே நிற்கும் காற்று. இறுக்கினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். வெளிச் சட்டையைப் பெரிதாக எடுங்கள். அடுக்கைக் கூட்டிப் பயனில்லை.

பனியில் விளையாடும் முழு அங்கியையும் முட்டளவு பூட்ஸையும் இங்கிருந்து சுமக்க வேண்டாம். சோலாங் பக்கம் போகும் வழியெல்லாம் வாடகைக் கடைகள்தான். அங்கியின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் கைவிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பாங்காக்கில் 4 நாள், சோலில் 9 நாள், ஜனவரி. இருப்பதிலேயே தடிமனான தெர்மல் வாங்கலாமா?
— வாசகர், பொங்கோல்

வேண்டாம். உங்கள் நிலை ஈசூன் வாசகிக்கு நேரெதிர். சோலில் வெளியே விடியற்காலை -10 வரைகூட இறங்கும். உள்ளே தரையிலிருந்தே சூடு வரும். சுரங்க ரயில், கடை, உணவகம் எல்லாம் கதகதப்பு. தடித்த தெர்மலை ரயிலில் கழற்ற முடியாது, பத்தே நிமிடத்தில் வியர்த்து, வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும். உள்ளே மெல்லியது, வெளியே தொடை வரை நீளும் கனத்த கோட் ஒன்று, முன்பக்கம் முழுக்க ஜிப். நடுவில் ஃபிலீஸ் ஒன்று போதும். காது மூடும் குல்லாயை மறக்காதீர்கள். கோட்டைவிட அதற்குத்தான் அடிக்கடி வேலை இருக்கும்.

நான்கைந்து வருடத்துக்கு முன் ஜப்பான் போக வாங்கிய பூட்ஸும் இறகு ஜாக்கெட்டும் பாம் ஷெல்டரில் அப்படியே இருக்கின்றன. ஒருமுறைதான் போட்டேன். இந்த வருடமும் அதையே எடுத்துக்கொள்ளலாம்தானே?
— வாசகர், செங்காங்

ஜாக்கெட்டைப் பிறகு பார்ப்போம். பூட்ஸைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பல குளிர்கால பூட்ஸ்களிலும் மலையேறும் ஷூக்களிலும் அடித்தட்டின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளை மெல்ல மெல்ல உடைக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் உடையும். நம் ஊர் ஈரப்பதத்தில், கதவை மூடிய ஷெல்டருக்குள், பெட்டியிலும் பிளாஸ்டிக் பையிலும் கட்டி வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். வெளியே பார்க்கப் புத்தம்புதிதாகவே இருக்கும். ஊருக்குப் போய் இரண்டாம் நாள் நடக்கும்போது அடித்தட்டு பொடிப்பொடியாக உதிரும், இல்லையென்றால் முழுசாகக் கழன்று வரும். “புது ஷூ சார், ஒருமுறைதான் போட்டேன்” என்று அப்போதும் சொல்வார்கள். அது உண்மையும்கூட.

கண்டுபிடிப்பது சுலபம். நடு அடுக்கின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்லதென்றால் அழுந்தி மீளும். பிசுபிசுத்தாலும், மாவு உதிர்ந்தாலும், மயிரிழை விரிசல் தெரிந்தாலும் கதை முடிந்தது. பிறகு முன்பாதத்தை நன்றாக மேல்நோக்கி வளைத்து, அடித்தட்டும் மேல்தோலும் சேரும் கோட்டைப் பாருங்கள். அங்கே பிளவு விழுந்தால் பசை போய்விட்டது. இரண்டிலும் தேறினாலும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அதைப் போட்டு, கீழே புளோக்கைச் சுற்றி ஒரு மணிநேரம் நடந்துவிடுங்கள். உடைவதானால் இங்கே உடையட்டும். நடு அடுக்கு நொறுங்கிய ஷூவைச் செருப்புத் தைப்பவர் ஒட்டித் தந்தாலும் நிற்காது, ஒட்டுவதற்கு அங்கே பொருளே இல்லை.

புதிதாக வாங்குவதானால், வெயில் ஊருக்கும் குளிர் ஊருக்கும் ஒரே ஷூ என்று பாருங்கள்: நீர் எளிதில் புகாத, ஆழமான வரி கொண்ட ரப்பர் அடித்தட்டுள்ள நடைஷூ. சூட்டைக் கம்பளிக் காலுறை பார்த்துக்கொள்ளும்.

இறகு ஜாக்கெட்டுக்கு வருவோம். எடுத்து உதறுங்கள். அறைகளுக்குள் இறகு கட்டிகட்டியாக நின்றால், வெளிச்சத்தில் பிடித்தால் வெற்று இடங்கள் தெரிந்தால், ஈரம் ஏறியிருக்கிறது. உங்கள் புளோக்குக்குக் கீழே சுயசேவை சலவைக்கடை இருந்தால் உலர்த்தியில் குறைந்த சூட்டில், இரண்டு டென்னிஸ் பந்தோடு போட்டுச் சுற்றவிடுங்கள். பந்துகள் கட்டியை உடைக்கும். உடல் முழுக்க உப்பி வந்தால் தப்பித்தது. பூஞ்சை வாடை போகாவிட்டால் விட்டுவிடுங்கள். இனிமேல் அமுக்கிக் கட்டாமல், தளர்ந்த துணிப்பையில், படுக்கையறை அலமாரியில் தொங்கவிடுங்கள். காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் பை பயண நாளுக்கு மட்டும் சரி. அதுவும் இடத்தைத்தான் குறைக்கும், எடையில் ஒரு கிராம் குறையாது.

14 நாள் பயணத்துக்கு 5 உள்ளாடை மட்டும் எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன். தினமும் துவைக்க வேண்டாமா? காயாமல் போனால்?
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

தினமும் வேண்டாம், மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். காய்வது பிழிவதில்தான் இருக்கிறது. துவைத்த துணியைக் காய்ந்த துவாலைமேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். ஈரத்தில் பெரும்பகுதி துவாலைக்குப் போய்விடும். அதன்பின் மெல்லிய மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஓர் இரவில் காயும். மெரினோவில் வாடை சீக்கிரம் ஏறாது, ஆகவே பனியனாக அதையே இரண்டு மூன்று நாள் போடலாம், விலைதான் கடிக்கும். ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரம் நிற்கும். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு 68 வயது, புடவை தவிர வேறு உடுத்த மாட்டார். சிம்லா அழைத்துப் போகிறோம்.
— வாசகி, புக்கிட் பாத்தோக்

வற்புறுத்தாதீர்கள், புடவையிலேயே சமாளிக்கலாம். பாவாடைக்கு அடியில் தெர்மல் கால்சட்டை. ஜாக்கெட் அளவெடுத்துத் தைத்தது, அதற்குள் தெர்மல் நுழையாது. ஆகவே கறுப்போ மெரூனோ முழுக்கைத் தெர்மலையே ஜாக்கெட்டாகப் போட்டுப் புடவை கட்டச் சொல்லுங்கள். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். சின்தெடிக் புடவை இரண்டு போதும், இலேசு, சீக்கிரம் காயும். கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டினால் பனிச்சேறு ஒட்டாது. செருப்பைத்தான் விடச் சொல்ல வேண்டும். கம்பளிக் காலுறையும் பட்டையொட்டும் ஷூவும் இப்போதே வாங்கி, வீட்டுக்குள் நடந்து பழகட்டும்.