பில்லில் சேர்க்கும் லாரி வாடகைக்கும் ஜிஎஸ்டி உண்டா?

"சரக்கு விலையோடு லாரி வாடகையும் இன்சூரன்ஸும் தனித்தனியாகப் பில்லில் போடுகிறேன். அதற்கும் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?"

கட்டத்தான் வேண்டும். சரக்கை ஒப்படைக்கும் வரை அதற்காக நீங்கள் வாங்குபவரிடம் வசூலிக்கும் தொகை எல்லாமே வரி மதிப்பில் சேரும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 15(2). தனியாகக் காட்டினாலும் மாற்றமில்லை.

18% வரியுள்ள சரக்கு 1,00,000 ரூபாய், வாடகை 4,000, இன்சூரன்ஸ் 500 என்றால் வரி 1,04,500-க்கு, அதாவது 18,810. பலர் தவறுவது இங்கேதான்: லாரி வாடகைதானே என்று அந்த 4,000-க்கு மட்டும் 5% போடுகிறார்கள். சரக்கோடு சேர்ந்தே போவதால் சரக்கின் விகிதமே அதற்கும். சரக்கு 5% என்றால் வாடகைக்கும் 5%.

வாங்குபவரே லாரி பிடித்து நேரடியாக வாடகை கொடுத்தால் உங்கள் பில்லில் அது வராது. ஆனால் கொண்டுசேர்ப்பது உங்கள் பொறுப்பு என்று பேசிவிட்டு அவரை வாடகை கொடுக்க வைத்தால், அந்தத் தொகையும் உங்கள் மதிப்பில் சேரும். அதனால் பர்ச்சேஸ் ஆர்டரில் வாடகை யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.