மேலே சுருள மறுக்கும் ரோலர் பிளைண்ட்

கேள்வி: பெட்ரூம் ஜன்னலுக்கு நாலு வருஷம் முன்னால் ஸ்பிரிங் வைத்த ரோலர் பிளைண்ட் வாங்கிப் போட்டோம். அகலம் நாலடி, இறக்கம் ஐந்தடி. போன மாதம் பெயின்ட் அடிக்க வந்தவர் அதைக் கழற்றி, வேலை முடிந்ததும் மாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இழுத்தால் இறங்குகிறது, மேலே போவதில்லை. கையால் தூக்கிவிட்டாலும் பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டு முறை வலது முனை கழன்று தொங்கியும் விட்டது. கடையில் கேட்டால் ‘ஸ்பிரிங் போயிடுச்சு, முழுசா மாத்தணும்’ என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: இப்போதைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பெயின்ட் அடிப்பதற்கு முந்தைய நாள் வரை நன்றாக ஓடிய ஸ்பிரிங், கழற்றி மாட்டிய நாளிலேயே உடைந்துபோவது அபூர்வம். அது முறுக்கு இழந்திருக்கும், அவ்வளவுதான். வலது முனை கழல்வது இன்னொரு கோளாறு. இரண்டையும் வீட்டிலேயே, ஒரு பிளையரும் உறுதியான ஸ்டூலும் இருந்தால், அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

முதலில் குழாயின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒன்றில் உருண்டையான பின் இருக்கும். அது பிராக்கெட்டில் உள்ள வட்டத் துளைக்குள் உட்காரும். தாங்குவது மட்டுமே அதன் வேலை. மற்றதில் கத்தி முனைபோலத் தட்டையான பின் இருக்கும். அதன் பிராக்கெட்டில் துளைக்குப் பதிலாக மேலே திறந்த ஒரு வெட்டு. தட்டைப் பின் அந்த வெட்டில் சுழலாமல் நிற்கும், குழாய் மட்டும் சுழலும். ஸ்பிரிங்கின் ஒரு நுனி தட்டைப் பின்னோடும் மறு நுனி குழாயோடும் பிணைந்திருப்பதால், துணியை இழுக்க இழுக்க ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. அந்த முறுக்குத்தான் துணியை மேலே சுருட்டுகிறது. 1864-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹார்ட்ஸ்ஹார்ன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. இழுத்துவிடும் பிளைண்டுகளின் அடிப்படை இன்றும் ஏறக்குறைய அதுவே.

தட்டைப் பின் பக்கத்தில் சின்னதாக ஒரு பல்சக்கரமும், அதில் விழும் நாக்கும் உண்டு. குழாய் மெதுவாகச் சுழலும்போது நாக்கு தன் எடையால் பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வேகமாகச் சுழலும்போது நாக்கு வெளிப்புறம் வீசப்பட்டு விலகியே இருக்கும். வேண்டிய உயரத்தில் நிறுத்த மெதுவாக விடுகிறோம், மேலே அனுப்பச் சற்று இழுத்துச் சட்டென்று விடுகிறோம் அல்லவா, அதற்குக் காரணம் இந்த நாக்கு.

உங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியது இதுதான். பிராக்கெட்டிலிருந்து எடுத்த நொடியில் தட்டைப் பின்னைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நாக்கு பூட்டாத நிலையில் அது விர்ரென்று சுழன்று, முறுக்கு முழுவதும் போயிருக்கும். பிறகு துணி பாதி தொங்கிய நிலையிலேயே மாட்டியிருப்பார். மிச்சமுள்ள பாதியை நீங்கள் கீழே இழுக்கும்போது ஏறும் கொஞ்ச முறுக்கு, துணியின் எடையையும் அடிச்சட்டத்தின் எடையையும் தூக்கப் போதாது. நீங்கள் தூக்கிவிட்டாலும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் இடத்தில், அதாவது அவர் மாட்டிய அதே பாதியில், நின்றுவிடும்.

வலது முனையை முதலில் சரிசெய்யுங்கள். முறுக்கேற்றிய பிறகு அந்த முனை கழன்று விழுந்தால், ஏற்றியதெல்லாம் மறுபடி போய்விடும். குழாயைக் கழற்றும்போது தட்டைப் பின் பக்கத்தை முதலில் மேலே தூக்கி எடுங்கள். அதன்பின் மறுமுனையைத் துளையிலிருந்து பக்கவாட்டில் உருவலாம்.

குழாயைக் கீழே வைத்து, வழக்கமாக வலது முனையில் இருக்கும் உருண்டைப் பின்னைப் பாருங்கள். நாலடிக் குழாய்களில் பெரும்பாலும் அந்தப் பின், குழாய்க்குள் அழுத்திச் செருகிய பிளாஸ்டிக் மூடியில் இருக்கும். மூடி கோணலாக நிற்கிறதா, ஓரம் குழாயின் வாயோடு ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்படியென்றால் மூடியை வெளியே எடுத்து, உள்ளே அடைந்திருக்கும் பெயின்ட் துணுக்கையும் தூசியையும் துடைத்துவிட்டு, நேராக வைத்து மரக்கட்டையால் மெல்லத் தட்டி உட்கார வையுங்கள். சுத்தியலால் பின்னையே தட்டினால் அது மூடிக்குள் புதைந்துவிடும், நீளம் போதாமல் போகும். அப்படி ஏற்கெனவே புதைந்திருந்தால் பிளையரால் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கலாம்.

பின் வளைந்திருக்கிறதா என்று அறியக் குழாயைத் தரையில் உருட்டுங்கள். பின்னின் நுனி ஒரே புள்ளியில் நிற்காமல் சின்ன வட்டம் போட்டால் அது வளைந்திருக்கிறது. பிளையரால் நிமிர்த்துங்கள். பழைய மரக்குழாயாக இருந்து பின் ஆடினால், துளைக்குள் மரப்பசை தடவிய தீக்குச்சித் துண்டு ஒன்றைச் செருகிப் பின்னைத் திரும்ப அடித்து, ஒரு இரவு காயவிடுங்கள்.

அடுத்து பிராக்கெட். பெயின்ட் அடிக்க அதையும் கழற்றியிருந்தால், திரும்பப் பொருத்தும்போது இடம் சற்று விலகியிருக்கும். இரண்டு பின்களின் நுனிக்கு நுனி நீளத்தையும், இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் டேப்பால் அளந்து பாருங்கள். பின்கள் துளைக்குள் போன பிறகு குழாய் இடமும் வலமும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் முனை நழுவும். ஜன்னல் சட்டத்தின் பக்கவாட்டில் பொருத்திய பிராக்கெட்டாக இருந்தால் பின்னால் கெட்டி அட்டையோ வாஷரோ வைத்துச் சரிக்கட்டலாம். சுவரின் முகப்பில் பொருத்தியதென்றால் திருகைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும். இடைவெளியே இல்லாமல் இறுக்கமாக இருப்பதும் தவறு. குழாய் உரசி, நல்ல ஸ்பிரிங்கைக்கூட நிறுத்திவிடும். துளைக்குள் காய்ந்த பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். பெயின்ட் வேலைக்குப் பிறகு இதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி முறுக்கேற்றுவது. துணி முழுவதையும் கையால், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நேராகச் சுருட்டுங்கள். சுருட்டிய நிலையிலேயே, உருண்டை முனையை முதலிலும் தட்டை முனையை அடுத்தும் மாட்டுங்கள். இதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். குழாயின் விட்டம் 32 மில்லிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் துணி. மேலே துணி படியப் படிய சுற்று இன்னும் பெரிதாகும். ஆக ஐந்தடி துணிக்கு ஏறக்குறைய பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று. சுருட்டி மாட்டினால் கீழே இழுக்கும்போது இத்தனை சுற்றும் ஸ்பிரிங்கில் ஏறும். ஆனால் மேலே போகப் போக அது தளர்ந்து, கடைசி ஒரு சாணில் துணி அசையாமல் நிற்கும். அந்தக் கடைசிச் சாணுக்காகக் கூடுதல் முறுக்கு வேண்டும்.

அதற்குத் துணியை இரண்டடி கீழே இழுத்து, நாக்கு ‘டக்’கென்று பூட்டும்வரை மெதுவாக விடுங்கள். பூட்டியபின் தட்டை முனையைத் தூக்கி எடுத்து, குழாயைக் கிடைமட்டமாகவே பிடித்துக்கொண்டு, தொங்கும் இரண்டடியையும் கையால் சுருட்டி மறுபடி மாட்டுங்கள். ஏறக்குறைய ஐந்து சுற்று கூடுதலாகச் சேர்ந்திருக்கும். இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. உங்கள் அளவுக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படக் கூடாது.

கிடைமட்டம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாக்கு எடையால் விழுவது. குழாயைச் செங்குத்தாகச் சாய்த்தால் அது பல்லை விட்டுவிடலாம். விட்டால் தட்டைப் பின் காற்றாடிபோலச் சுழலும். எங்கள் வீட்டில் ஒருமுறை நான் அதைக் கட்டைவிரலால் நிறுத்தப் போய் ஆழமாகக் கிழித்துக்கொண்டேன். பூட்டு நம்பகமாக இல்லையென்றால் பின்னைப் பிளையரால் பிடித்தபடியே எடுங்கள். கை நழுவினால் சுழலவிட்டுவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்குங்கள்.

அளவு சரிதானா என்பதை இப்படிப் பாருங்கள். முழுவதும் மேலே சுருண்டிருக்கும்போது ஒரு சாண் இழுத்து, கையை விடாமல் மேலே கொண்டுபோனால், துணி உங்கள் கையை லேசாக இழுக்க வேண்டும். படாரென்று ஏறி அடிச்சட்டம் பிராக்கெட்டில் மோதினால் முறுக்கு அதிகம். அப்படியே விட்டால் ஸ்பிரிங் சீக்கிரம் உண்மையாகவே உடையும். முழுவதும் சுருண்டிருக்கையில் தட்டைப் பின்னைப் பிளையரால் பிடித்துக் கழற்றி, ஒரு அடி துணியைக் கையால் பிரித்துவிட்டு மாட்டினால் இரண்டு, மூன்று சுற்று குறையும்.

மேலே நன்றாக ஏறுகிறது, ஆனால் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை என்றால் ஸ்பிரிங்கில் குறையில்லை, நாக்கில் தூசி. பழைய டூத் பிரஷால் துடைத்து, பென்சில் முனையைச் சுரண்டிய பொடியைக் கொஞ்சம் தூவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பத்து நாள் ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகி நாக்கை ஒட்டிவிடும்.

கடைக்காரர் சொல்வது சரியா என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. குழாயைக் கழற்றி, தட்டைப் பின்னைப் பிளையரால் திருப்புங்கள். ஒரு பக்கம் திருப்பினால் உடனே பூட்டும். மறுபக்கம் ‘டிக் டிக்’ என்று ஓடும். முறுக்கேறும் திசை அதுதான். ஆறேழு சுற்றுக்குள் கை உணரும்படி எதிர்ப்பு கூடிக்கொண்டே வந்தால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருக்கிறது. எத்தனை சுற்றினாலும் எதிர்ப்பு ஏறவில்லை, அல்லது உள்ளே கம்பி கலகலக்கிறது என்றால்தான் அது உடைந்தது.

உடைந்திருந்தாலும் துணியையும் குழாயையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. உலோகக் குழாய்களில் ஸ்பிரிங் தனி உறுப்பாக உள்ளே செருகப்பட்டிருக்கும். குழாயையே எடுத்துக்கொண்டு போய், அதன் உள்விட்டத்துக்கும் உங்கள் பிளைண்டின் எடைக்கும் பொருந்தும் ஸ்பிரிங் மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள். புதிதாக வாங்கினால் சதுர அடிக் கணக்கில், இருபது சதுர அடிக்குத் துணியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிவரும். பழைய பில்லை எடுத்து ஸ்பிரிங்குக்குத் தனியாக உத்தரவாதக் காலம் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிங் போய்விட்டது என்றே சாதிப்பவர்களிடம், உங்கள் எதிரிலேயே பின்னைத் திருப்பி எதிர்ப்பு ஏறுகிறதா இல்லையா என்று காட்டச் சொல்லுங்கள்.

மாற்றாகச் சங்கிலி வைத்த பிளைண்டைப் பரிந்துரைப்பார்கள். பெரும்பாலானவற்றில் துணியைத் தூக்குவது ஸ்பிரிங் அல்ல, சங்கிலியை இழுக்கும் உங்கள் கைதான். அதனால் மேலே சொன்ன முறுக்குக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆனால் தொங்கும் சங்கிலி வளையம் சின்னக் குழந்தையின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வீட்டில் குழந்தை இருந்தால், வளையத்தை இறுக்கமாகச் சுவரில் பிடித்துவைக்கும் கொக்கியைப் பொருத்தித் தந்த பிறகே கடைக்காரரிடம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.