வைஃபை பில் 104.94 வெள்ளியிலிருந்து 136.74க்கு ஏறியது எப்படி?

*அக்கா, அப்பாவின் பேங்க் கார்டிலிருந்து மாதாமாதம் வைஃபை காசு தானாகப் போகிறது. இரண்டு வருடமாக 104.94 வெள்ளிதான். ஜூனில் 119.78 போயிருக்கிறது, ஜூலையிலும் ஆகஸ்டிலும் 136.74. யாரும் எதுவும் சொல்லவில்லை. வரி ஏறிவிட்டது, அதனால்தான் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். உண்மையா? கூடுதலாகப் போன காசைத் திரும்பக் கேட்கலாமா?*
*– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்*

தங்கச்சி, மூன்று தொகையையும் சென் வரைக்கும் எழுதி அனுப்பினீர்களே, அதனால்தான் பில்லைப் பார்க்காமலே பாதிக் கதை எனக்குத் தெரிகிறது.

முதலில் அந்த வரி விஷயம். சேவை வரி 2024 மார்ச் 1ஆம் தேதி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆனது உண்மைதான், ஆனால் தொலைத்தொடர்பு சேவைக்கு அது 6ஆகவே விடப்பட்டது. வீட்டு இண்டர்நெட் அந்த வகையில்தான் வருகிறது. சரி, ஒரு பேச்சுக்கு 8 ஆகியிருந்தாலும் உங்கள் பில் 106.92க்குப் போயிருக்கும், அவ்வளவுதான். இரண்டு வெள்ளி கூட ஏறாது. உங்களுக்கு ஏறியிருப்பது 31 வெள்ளி 80 சென்.

இப்போது கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து, போன தொகையை 1.06ஆல் வகுத்துப் பாருங்கள். வரி சேர்ப்பதற்கு முன்னால் கம்பெனி போட்ட விலை வெளியே வந்துவிடும். 104.94ஐ வகுத்தால் சரியாக 99. 136.74ஐ வகுத்தால் சரியாக 129. இரண்டும் சில்லறை இல்லாத முழு எண், இரண்டும் கடைப் பலகையில் எழுதிப் போடுகிற மாதிரியான விலை. அதனால் 6 விழுக்காடு மாறவே இல்லை, வரிக்கு முந்திய தொகைதான் 30 வெள்ளி ஏறியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஏன் ஏறியது என்பதை ஜூன் மாதத் தொகை காட்டிக்கொடுக்கிறது. எல்லோரும் இந்த நடு மாதத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள், எனக்கோ முதலில் கண் போனதே அங்கேதான். 119.78ஐ 1.06ஆல் வகுத்தால் 113. அதாவது 129இல் 16 வெள்ளி மட்டும் கழித்திருக்கிறார்கள். முன்பு 99 வருவதற்கு மாதாமாதம் கழித்தது 30 வெள்ளி, பில் சுற்று 30 நாள் என்றால் நாளுக்கு ஒரு வெள்ளி, ஆக 16 நாளுக்குத்தான் கழிவு கிடைத்திருக்கிறது. கம்பெனி விலையை ஏற்றினால் பெரும்பாலும் ஒரு பில்லின் முதல் நாளிலிருந்து ஏற்றும். இப்படி நடுவில் ஒரு நாளில் முறிந்தால், அது அநேகமாக அப்பா லைன் போட்ட தேதியிலிருந்து எண்ணி வந்த கழிவு தீர்ந்த நாள்தான். உங்கள் திட்டத்தின் உண்மையான விலை ஆரம்பத்திலிருந்தே 129ஆக இருந்திருக்கும், 24 மாதத்துக்கு மட்டும் 30 வெள்ளி தள்ளுபடி கொடுத்திருப்பார்கள். பசார் மாலாமில் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்குகிற ஏஜெண்டு "மாசம் 99தான் அங்கிள்" என்பார், 24 மாதம் என்பதை அந்த நேரத்தில் அழுத்திச் சொல்லமாட்டார். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் இது.

இது என் கணக்கு. உறுதி செய்ய பில்லே வேண்டும், பேங்க் ஸ்டேட்மெண்டில் மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். கம்பெனியின் ஆப்பில் நுழைந்து மே, ஜூன், ஜூலை மூன்று மாத பில்லையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மே பில்லில் Rebate அல்லது Rebat என்று கழித்தல் குறியோடு ஒரு பதிவு இருக்கும், ஜூனில் அது சின்னதாகும், ஜூலையில் காணாமல் போகும். ஜூன் பில் தொடங்கிய தேதியிலிருந்து 16 நாள் எண்ணுங்கள், அந்த நாள் லைன் போட்டு இரண்டு வருடம் முடிகிற நாளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

மே பில்லில் அந்தக் கழிவே இல்லை, விலையே 99 என்று போட்டிருந்து பிறகு 129 ஆகியிருந்தால் அது வேறு கதை, நேரடியான விலையேற்றம். இன்னொரு காரணமும் இருக்கலாம். எங்கள் வீட்டில் ஒருமுறை 104.94 போய்க்கொண்டிருந்தது 110.24 ஆனது. வகுத்தால் 104, கூடுதல் 5 வெள்ளி. பில்லைத் திறந்தால், மூன்று மாதம் இலவசம் என்று சேர்த்துவிட்ட ஏதோ ஒரு பாதுகாப்புச் சேவை நான்காவது மாதத்திலிருந்து காசு பிடிக்க ஆரம்பித்திருந்தது. வகுத்தால் எண் கோணலாக வந்தால், போன மாத பாக்கியோ வரி சேராத ஏதாவது கட்டணமோ உள்ளே கலந்திருக்கும், அப்போது பில்லைத்தான் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

காசு திரும்ப வருமா என்று கேட்டீர்கள். மூன்று மாதத்தில் கூடுதலாகப் போனது 14.84, 31.80, 31.80, மொத்தம் 78 வெள்ளி 44 சென். அப்பா கையெழுத்துப் போட்ட பாரத்தில் 24 மாதக் கழிவு என்று அச்சாகியிருந்தால், அதை உரிமையாகக் கேட்க முடியாது, கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். கழிவுக்கு முடிவு மாதமே எழுதவில்லை அல்லது 24 மாதம் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள் என்றால் நிச்சயம் கேளுங்கள். அறிவிப்பு வந்ததா என்றும் தேடுங்கள். மலாயில் வந்த எஸ்எம்எஸ்ஸை அப்பா அழித்திருக்கலாம், பதிவில் இருக்கும் இமெயில் சிங்கப்பூரில் இருக்கிற தம்பியுடையதாகவோ அந்த ஏஜெண்டுடையதாகவோ இருக்கலாம். புகார் செய்தால் எண் ஒன்று கொடுப்பார்கள், எழுதி வையுங்கள். கம்பெனி சரியான பதில் தராவிட்டால் அந்த எண்ணோடு, தொலைத்தொடர்பு கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான எம்சிஎம்சியிடம் போகலாம்.

கோபத்தில் கார்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். காசு போகாவிட்டாலும் பில் ஏறிக்கொண்டேதான் இருக்கும், லைனை வெட்டுவார்கள், பாக்கி அப்பாவின் பெயரில் நிற்கும்.

உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்றால், இடையில் விலகினால் கட்டச் சொல்லும் அபராதம் இனி இல்லை. லைன் அப்பா பெயரில் இருப்பதால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போன் செய்து, ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிந்தது என்று முதலில் கேளுங்கள். முடிந்துவிட்டது என்றதும், இதே வேகத்துக்குப் புது வாடிக்கையாளருக்கு இன்று என்ன விலை, அதை எங்களுக்குக் கொடுக்கிறீர்களா, இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். பல நேரம் விலை இறங்கும், அதோடு புதிதாக 24 மாத ஒப்பந்தமும் வரும். சரி என்று சொல்வதற்கு முன்னால், வரியோடு மாதம் எவ்வளவு, கழிவு எத்தனை மாதம், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று மூன்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கழிவு 12 மாதம், ஒப்பந்தம் 24 மாதம் என்றால் இரண்டாவது வருடம் முழுக்க நீங்கள் ஏறிய விலையில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், மாறியபின் வரும் முதல் பில்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பழைய விலை சில நாள், புது விலை சில நாள் என்று கலந்து அதுவும் ஜூன் மாதம் போல வேறொரு தொகையாகத்தான் வரும். இரண்டாவது பில் வந்ததும் 1.06ஆல் வகுத்து, அவர்கள் எழுத்தில் கொடுத்த விலை வருகிறதா என்று பாருங்கள்.