இன்சூரன்ஸ் என்று எழுதியதெல்லாம் இன்சூரன்ஸ் இல்லை

கேள்வி: கம்பெனியில் வேறு ஊருக்கு டிரான்ஸ்பர் போட்டுவிட்டார்கள். குடும்பத்தோடு போகணும். ரீலொகேஷன் செலவில் எதையெல்லாம் க்ளெய்ம் பண்ண முடியும்? பில் விஷயத்தில் எதைக் கவனிக்கணும்?

முதலில் உங்கள் டிரான்ஸ்பர் லெட்டரை எடுத்துப் பாருங்கள். 'நிர்வாகத் தேவைக்காக' என்று இருக்கிறதா, 'ஊழியரின் வேண்டுகோளின்படி' என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் பெரும்பாலான கம்பெனிகளில் பத்து பைசா வராது. நீங்களாகக் கேட்டு வாங்காத டிரான்ஸ்பர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் 2022 ஜூனில் கோயம்புத்தூரிலிருந்து புனே பக்கம் சாக்கன் ஃபேக்டரிக்கு மாறினேன். நான், மனைவி, ஆறாவது போகவேண்டிய பையன், அம்மா என்று நான்கு பேர். வாகன உதிரிபாகக் கம்பெனி, புரொடக்‌ஷன் வேலை. ஐடி ஆட்கள் "எங்களுக்கெல்லாம் லம்ப்சம், பில்லே கேட்கமாட்டார்கள்" என்று கீழே வந்து எழுதுவீர்கள். சந்தோஷம். இது ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதம் கேட்கிற கம்பெனிக்காரனின் பதில்.

எங்கள் பாலிசியில் இருந்தவற்றைச் சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வீடு பார்க்க ஒருமுறை போய்வரும் செலவு. குடும்பத்துக்கு ஒருவழி டிக்கெட், என் கிரேடுக்கு ரயிலில் செகண்ட் ஏசி. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கட்டணம், மூன்று குவொட்டேஷனில் குறைந்ததற்கு. சாமானுக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ். ஒரு கார் அல்லது ஒரு டூவீலர் கொண்டுபோகும் செலவு. போய் இறங்கியதும் 15 நாள் கெஸ்ட் ஹவுஸ். வீட்டு புரோக்கர் கமிஷன், ஒரு மாத வாடகைக்கு மிகாமல். பிள்ளைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் ஃபீஸ், அட்மிஷன் மட்டும்தான், டியூஷன் ஃபீஸோ டொனேஷனோ கிடையாது. ஏசி கழற்றி மாட்டும் கூலி. கடைசியாக செட்லிங் அலவன்ஸ் என்று ஒரு மாத பேசிக், இதற்கு மட்டும் பில் வேண்டாம். வீட்டு அட்வான்ஸ், கர்ட்டன், லோடுமேனுக்குக் கொடுக்கும் டீக்காசு இதெல்லாம் கணக்கில் வராது. எல்லாவற்றையும் புது இடத்தில் சேர்ந்த 90 நாளுக்குள் போடவேண்டும். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் மிச்ச மாதங்களுக்குக் கணக்குப் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு நானும் எல்லாம் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். லிஸ்ட்டில் இருப்பது தலைப்பு மட்டும். அந்தத் தலைப்புக்குள் நம் பில் பொருந்துகிறதா என்பதை ஃபைனான்ஸில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பார். எனக்கு அடி விழுந்தது மூவர்ஸ் பில்லில். அதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே வரி உங்கள் குவொட்டேஷனிலும் இருக்கும்.

பில் இப்படி வந்தது: பேக்கிங்கும் டிரான்ஸ்போர்ட்டும் சேர்த்து 48,000. கீழே 'இன்சூரன்ஸ் 3%' என்று ஒரு வரி. சாமான் மதிப்பு மூன்று லட்சம் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன், அதற்கு 9,000. ஆக 57,000. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 10,260. மொத்தம் 67,260. கையிலிருந்து கட்டிவிட்டு, பில்லை ஸ்கேன் பண்ணி க்ளெய்ம் போட்டேன். அக்கவுண்டில் வந்தது 56,640. அந்த 9,000-மும் அதற்கான ஜிஎஸ்டி 1,620-ம் வெட்டப்பட்டிருந்தன.

ஃபைனான்ஸுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். "பாலிசியில் டிரான்சிட் இன்சூரன்ஸ் உண்டுதானே சார்?" என்றேன். அவர் ரொம்ப நிதானமாக, "உண்டு சார். இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட் அனுப்புங்க, உடனே போட்டுடறேன்" என்றார். மூவர்ஸ்காரனிடம் கேட்டால், "அதான் பில்லுலயே போட்டிருக்கே சார்" என்கிறான்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நிஜமான டிரான்சிட் இன்சூரன்ஸ் என்றால் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் சர்டிஃபிகேட் இருக்கும். பெரிய மூவர்ஸ் தங்கள் பெயரில் ஓப்பன் பாலிசி ஒன்று வைத்திருப்பார்கள், ஒவ்வொரு லோடுக்கும் அதன்கீழ் ஒரு சர்டிஃபிகேட் போட்டுக் கொடுப்பார்கள். அதில் இன்சூரன்ஸ் கம்பெனி பெயர், பாலிசி நம்பர், உங்கள் பெயர், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் இருக்கும். எனக்குப் போட்டது அது இல்லை. 'ஏதாவது உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று டிரான்ஸ்போர்ட்காரர் தானாக வாங்கும் ரிஸ்க் சார்ஜ். சிலர் பில்லில் நேர்மையாக எஃப்ஓவி, அதாவது ஃப்ரைட் ஆன் வேல்யூ என்று எழுதுவார்கள், சிலர் இன்சூரன்ஸ் என்றே எழுதிவிடுவார்கள். கம்பெனி ஆடிட்டில் அது இன்சூரன்ஸாக நிற்காது.

சரி, அவராவது பார்த்துக்கொண்டாரா? புனேயில் சாமான் இறங்கும்போது ஃப்ரிட்ஜ் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சொட்டை. போட்டோ எடுத்து அனுப்பினேன். லாரி ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். எல்ஆர் என்று ஒரு மெல்லிய ரோஸ் கலர் காப்பி கொடுப்பார்களே, அதில் சாமான் எண்ணிக்கைக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பில் 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று குத்தியிருந்தது. பக்கத்திலேயே என் கையெழுத்து. காலை ஆறு மணிக்கு லாரி கிளம்பும் அவசரத்தில், பால் பாக்கெட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு நான் போட்ட கையெழுத்து. ரிஸ்க் அவருடையது என்று 9,000 வாங்கிக்கொண்டு, ரிஸ்க் என்னுடையது என்று எழுதியும் வாங்கியிருக்கிறார்.

அதனால் குவொட்டேஷன் வாங்கும்போதே "சர்டிஃபிகேட் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, லாரி கிளம்புவதற்கு முன்னால் கைக்கு வருமா?" என்று கேளுங்கள். மழுப்பினால் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, தனியாக ஒரு டிரான்சிட் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள். எல்ஆரில் என்ன குத்தியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பில் உங்கள் பெயரிலா கம்பெனி பெயரிலா என்பதையும் புக் பண்ணுவதற்கு முன்பே ஃபைனான்ஸில் மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு மாற்றுவது நாய்படாத பாடு.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் தப்பு. சாமான் ஏற்ற வந்த சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், ஆபீஸ் பில் எவ்ளோக்குப் போடட்டும்?" என்றான். கூட்டிப் போட்டுத் தருவது அவர்கள் தொழிலில் சகஜம். நான் உத்தமன் என்று சொல்லவரவில்லை, ஒரு நிமிஷம் யோசித்தேன்தான். ஆனால் எனக்கு முந்தைய வருஷம் மாறிப்போன ஒருவரின் கதை தெரியும். அவர் வைத்த பில்லில் இருந்த ஜிஎஸ்டி நம்பரை ஃபைனான்ஸ்காரர் gst.gov.in தளத்தில் அடித்துப் பார்த்தார். எவரும் லாகின் இல்லாமலே பார்க்கலாம். அந்தப் பதிவு ரத்தாகி மாதக்கணக்கு ஆகியிருந்தது. அந்த மனிதர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் ஒழுங்கான பில்தான் வைக்கப்போகிறீர்கள் என்றாலும் அந்த நம்பரை ஒருமுறை அடித்துப் பாருங்கள். மூவர்ஸ்காரன் போலி நம்பர் போட்டிருந்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும்.

புரோக்கர் கமிஷன் சுருக்கமாக: ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். என் புரோக்கரிடம் பில் புத்தகமே இல்லை. வங்கியில் அனுப்பிய ஆதாரமும், பான் நம்பரோடு கையெழுத்திட்ட ரசீதும் வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

வரி விஷயம். நான் மாறியபோது இருந்த 1961 சட்டத்தில் பிரிவு 10(14), விதி 2பிபி-யின்படி டிரான்ஸ்பருக்கான பயணம், பேக்கிங், சாமான் கொண்டுபோவது இவற்றுக்கு நிஜமாகச் செலவழித்த தொகைக்கு வரி இல்லை. புது வரி முறையிலும் அந்தச் சலுகை இருந்தது. மாறுதலின்போது 15 நாள் வரை ஹோட்டலில் தங்க வைத்தால் அதுவும் வரி போடும் பெர்க்விசிட் ஆகாது. ஸ்கூல் ஃபீஸ், புரோக்கர் கமிஷன் இரண்டையும் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்தார்கள். செட்லிங் அலவன்ஸிலும் பிடித்தார்கள். ஆடிட்டர்கள் யாராவது இருந்தால் சண்டைக்கு வரவேண்டாம், என் ஃபார்ம் 16-இல் நடந்ததைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. நாங்கள் நான்கு பேரும் கோயம்புத்தூர் - குர்லா எக்ஸ்பிரஸில் ஒரே பிஎன்ஆரில் போனோம். டிக்கெட் க்ளெய்ம் திரும்பி வந்தது, 'குடும்பம் என்றால் மனைவி, இரண்டு பிள்ளைகள்' என்று ஒரு குறிப்போடு. மொத்தத் தொகையை நான்கால் வகுத்து, ஒரு பங்கைக் கழித்துவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்று. ரயில்வேயும் சீனியர் சிட்டிசன் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது, அதனால் அவருக்கும் முழு டிக்கெட்தான். காசு பெரிதில்லை. மெடிக்கல் இன்சூரன்ஸுக்கு அம்மாவையும் சேர்த்து வருஷா வருஷம் என் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறார்கள், அங்கே மட்டும் அவர் டிபெண்டண்ட். ரயிலேறினால் யாரோ. 'அப்பா இறந்தபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார்' என்று ஹெச்ஆருக்கு மெயில் எழுதினேன். "பாலிசி அப்படித்தான் சார், எங்க கையில ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தது. "உங்கம்மாவை விட்டுட்டா போவீங்க?" என்று பதில் அடித்துவிட்டு, அனுப்பாமல் அழித்துவிட்டேன். இதை எழுதினால் 'சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார்' என்று ஒருவர் வருவார், வரட்டும்.

உங்களோடு பெற்றோர் வருவதாக இருந்தால் டிக்கெட்டைத் தனி பிஎன்ஆரில் போடுங்கள், உங்கள் க்ளெய்மாவது தடையில்லாமல் போகும். டிரான்ஸ்பர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்களுடைய பயணத்துக்கும் அனுமதி கேட்டு மெயில் போடுங்கள். ஆள் இன்னும் போகாதவரைதான் அவர்கள் இறங்கி வருவார்கள். என் ஜூனியர் ஒருத்தர் போன வருஷம் அப்படிக் கேட்டு, மாமியாருக்கும் சேர்த்து வாங்கிவிட்டார்.