கோவை பாஸ்போர்ட் மையம்: 3 வயதுக் குழந்தையோடு கோத்தகிரியிலிருந்து

"3 வயசு மகளுக்கு முதல் பாஸ்போர்ட். வியாழன் காலை 10 மணிக்கு கோவை பாஸ்போர்ட் சேவா மையம். போட்டோ வேணுமா? கோத்தகிரியிலிருந்து எப்போ கிளம்பணும்?"

போட்டோ கட்டாயம் வேணும்ங்க. 4 வயதைத் தாண்டியவர்களைத்தான் கவுன்ட்டரிலேயே படம் எடுப்பார்கள். அதற்குக் கீழே என்றால் நாமே கொண்டுபோக வேண்டும்: 4.5 x 3.5 செ.மீ., வெள்ளைப் பின்னணி, கண் திறந்து நேராகப் பார்க்கணும். குளிருக்குப் போட்ட கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு எடுங்கள். பிள்ளையைப் பிடித்திருக்கும் உங்கள் கையோ, சுவரில் விழும் நிழலோ படத்தில் வரக்கூடாது. வெள்ளைச் சட்டை பின்னணியோடு கலந்துவிடும், அடர்நிறம் போடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல், பெற்றோர் நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம், உங்கள் இருவரின் பாஸ்போர்ட் ஒரிஜினல், முகவரிச் சான்று, அப்பாயின்ட்மென்ட் ரசீது. எல்லாவற்றுக்கும் கையொப்பமிட்ட நகலும் வேண்டும். இன்று இரவே பெற்றோர் பெயரின் எழுத்துகளைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல் மட்டும் இருந்து, பாஸ்போர்ட்டில் முழுப்பெயர் இருந்தால் அங்கேதான் கேள்வி வரும். பெயரை இணைத்துக் காட்டும் இன்னொரு ஆவணமும் கையில் இருக்கட்டும்.

9.45-க்கு வாசலில் நின்றால் போதும், ரொம்ப முன்னால் போனால் வெளியேதான் நிற்கணும். ஆனால் மலையிறக்கத்தில் பனிமூட்டமும் மண்சரிவும், மேட்டுப்பாளையம் தாண்டியதும் காலை நெரிசலும் இருக்கு. 6 மணிக்கே கிளம்பிவிடுங்கள். வளைவுகளில் பிள்ளைக்கு வாந்தி வரலாம், மாற்றுத்துணி ஒன்று வையுங்கள். சான்றிதழ்களைத் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் வையுங்கள், துணி இருக்கும் பையில் வேண்டாம். மழையில் ரோடு அடைத்துவிட்டால் இணையதளத்திலேயே வேறு தேதி எடுத்துக்கொள்ளலாம்.