எஸ்.டி.எஸ். மைசெல்: எண்ணெய் வால்கள் ஏன் ஒன்றுகூடுகின்றன?

எஸ்.டி.எஸ். எனும் சோடியம் டோடெசில் சல்ஃபேட் மூலக்கூறுகள் நீரில் கூடி உண்டாகும் கொத்தான மைசெல்லில், அவற்றின் எண்ணெய் வால்கள் உள்ளேயும் மின்னூட்டமுள்ள தலைகள் வெளியேயுமாக ஒழுங்காகச் சேர்கின்றன. அப்படியானால் என்ட்ரோபி குறையத்தானே வேண்டும்?

வால்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். தண்ணீரையும் எண்ணுங்கள். 12 கார்பன் வால் தனியாக மிதக்கும்போது, அதையொட்டிய நீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்பை விட்டுவிடாமலிருக்க வாலுக்கு முகம் கொடுக்காமல் நிற்கின்றன. அவை திரும்பக்கூடிய திசைகள் குறைந்துவிடுகின்றன. வால்கள் கூடியதும் அந்த நீர் விடுபடுகிறது. மைசெல்லின் உட்புறமும் படிகம் அல்ல. அங்கே வால்கள் திரவ எண்ணெய் போல நெளிந்துகொண்டே இருக்கும்.

கடத்துத்திறன் வரைபடத்தில் 8.2 மில்லிமோலாரில் வரவேண்டிய, மைசெல் உருவாகத் தொடங்கும் செறிவைக் காட்டும் முறிவு எனக்கு 6-இலேயே வருகிறது. சேர்த்த கன அளவைக் கணக்கில் கொள்ளாததாலா?

இல்லை, அந்தத் தவறு எதிர்ப்பக்கம் இழுக்கும். 2.884 கிராம் எஸ்.டி.எஸ்.ஸை 100 மி.லி. ஆக்கினால் 0.1 மோலார். 25°C-இல் 50 மி.லி. நீரில் அதை 0.5 மி.லி.யாகச் சேர்த்தால் முறிவு ஏறத்தாழ 4.5 மி.லி.யில் வரும். மொத்தக் கன அளவு 54.5 என்று கொண்டால் 8.3, 50 என்றே வைத்தால் 9.0.

6 வருகிறதென்றால் உப்பையோ டோடெக்கனாலையோ சந்தேகியுங்கள். உப்பு தலைகளின் விலக்கத்தை மறைப்பதால் மைசெல் முந்திக்கொள்ளும், 0.1 மோலார் சோடியம் குளோரைடில் முறிவு 1.5 அளவுக்கே இறங்கிவிடும். டோடெக்கனால் பழைய கரைசலில் நீராற்பகுப்பால் உண்டாவது. பரப்பு இழுவிசை வரைபடத்தில் முறிவருகே பள்ளம் தெரிந்தால் அதுதான். எத்தனாலில் மறுபடிகமாக்கி, அன்றன்றைக்குக் கரைத்துப் பயன்படுத்துங்கள்.

குளிரில் என் கரைசல் வெள்ளையாகிவிடுகிறது. இதுவும் மைசெல்தானே?

இல்லை, அது எஸ்.டி.எஸ். படிகம். 25°C-க்கு மேல் வைத்துக் கலக்குங்கள், தெளியும்.

சூடாக்கினால் TΔS கூடும். மைசெல் இன்னும் எளிதாக உருவாகுமா?

T கூடும்போது ΔS குறைவதை விட்டுவிட்டீர்கள். முதலில் 25°C கணக்கு, இதில் x என்பது முறிவுச் செறிவின் மோல் பின்னம், 55.3 நீரின் மோலார் செறிவு:

```
x = 0.0082 / 55.3 = 1.48e-4
RT ln x = 2.479 × (−8.82) = −21.9 kJ/mol
ΔG = (1 + 0.65)(−21.9) ≈ −36 kJ/mol
```

இந்த வெப்பநிலையில் ΔH சுழியை ஒட்டியது. ஆக −36 முழுவதும் என்ட்ரோபியின் பங்கு. ஆனால் வெப்பக் கொள்ளளவு மாற்றமான ΔCp ஏறக்குறைய −0.5 kJ/mol·K. 45°C-க்குப் போனால் ΔH சுமார் −10 ஆகிவிடும், TΔS அதற்கீடாகச் சுருங்கும், ΔG பெரிதாக அசையாது. "என்ட்ரோபியே இயக்குகிறது" என்பது அறை வெப்பநிலையை ஒட்டி மட்டும் நேரான கூற்று.

0.65 என்பது எதிரயனிப் பிணைப்பு, அதாவது மைசெல்லோடு ஒட்டியிருக்கும் சோடியம் அயனிகளின் பங்கு. முறிவுக்குப் பிந்தைய கடத்துத்திறன் சாய்வுக்கும் முந்தைய சாய்வுக்கும் உள்ள விகிதத்தை 1-இலிருந்து கழித்து வருவது. மைசெல்லும் மின்னோட்டத்தைக் கடத்துவதை இம்முறை புறக்கணிப்பதால் மதிப்பு குறைவாகவே வரும். வேறு முறைகள் 0.7-க்கு மேலும் தருகின்றன. எந்த மதிப்பை எடுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

வாலைச் சுற்றி நீர் பனிக்கட்டி போல உறைகிறது என்பது உண்மையா?

1945-இல் ஃபிராங்க், எவன்ஸ் இருவரும் முன்வைத்த படிமம் அது. நேர்ப்பொருளில் பனிக்கட்டி என்று கொள்ள வேண்டாம். நீர் மூலக்கூறு சிறியது என்பதால் வாலுக்கு இடம் ஒதுக்குவதே என்ட்ரோபிச் செலவு என்று வாதிடுவோரும் உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. உங்கள் ΔG கணக்கு இரண்டில் எதையும் சார்ந்ததல்ல.