குரல் கலைஞருக்கு அனுப்பும் கடிதத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும்?

"யூடியூபுக்காகப் பத்து எபிசோடு அனிமேஷன் தொடர் தயாரிக்கிறோம். அணில் பாத்திரத்துக்கு ஒரு டப்பிங் கலைஞரைப் பேசியாயிற்று. சம்பளம், உரிமை, ரெக்கார்டிங் தேதி எல்லாம் போட்டு அவருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். 'ஆல் ரைட்ஸ் உங்களுக்கே என்று ஒரு வரி எழுதுங்கள், கலைஞருக்காக நானே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்' என்கிறார் கலைஞரை ஏற்பாடு செய்து தந்த கோ-ஆர்டினேட்டர். அது போதுமா?" – சென்னை வாசகர்

போதாது. அந்த ஒரு வரி முதலில் கவிழ்க்கப்போவது உங்களைத்தான்.

குரல் கொடுப்பவரும் நம் பதிப்புரிமைச் சட்டத்தின்படி நிகழ்த்துகலைஞர். அவருடைய உரிமை உங்கள் கைக்கு வர வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், அதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். நீங்கள் அனுப்பும் கடிதத்தில் உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் அது வெறும் தகவல். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் "சம்மதம்" என்று எழுதி அவர் கையெழுத்திட்டுத் திருப்பித் தரட்டும். முதல் ரெக்கார்டிங்குக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

கோ-ஆர்டினேட்டர் கையெழுத்து செல்லும் இடம் ஒன்று உண்டு. கலைஞர் அவரைத் தன் பிரதிநிதியாக எழுத்தில் நியமித்திருந்தால் செல்லும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பலரிடம் இருப்பது "என் சார்பில் பணம் பெற்றுக்கொள்ளலாம்" என்ற அளவுக்குத்தான். பணம் வாங்கும் அதிகாரம் வேறு, உரிமையை எழுதிக்கொடுக்கும் அதிகாரம் வேறு. இரண்டாவது அதில் தெளிவாக இல்லையென்றால் அந்தக் கையெழுத்தை நம்பாதீர்கள். அது இருந்தாலும்கூட, போன வருடம் வேறொரு படத்துக்குக் கொடுத்த கடிதமா, உங்கள் தொடருக்கும் பொருந்துமா என்று பாருங்கள். இவ்வளவு சரிபார்ப்பதற்குக் கலைஞரிடமே நேரில் போய்க் கையெழுத்து வாங்குவது எளிது.

இனி அந்த "ஆல் ரைட்ஸ்". எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஸ்டூடியோ, மலேசியாவிலுள்ள ஒரு சேனலுக்குத் தொடரை விற்கப் போனது. அந்தச் சேனலின் வக்கீல் கேட்ட முதல் கேள்வியே குரலுக்கான காகிதம். நாடு, காலம் எதுவும் இல்லாத, பணம் பெற்றதற்கான ஒரு வவுச்சரைத் தவிர இவர்களிடம் ஒன்றும் இல்லை. மறுபடி கலைஞரைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குவதற்குள் அந்த வியாபாரம் கைவிட்டுப் போயிற்று. சட்டத்தில் இது எப்போதோ வந்தாயிற்று, ஆனால் சென்னையில் இன்னும் அதே வவுச்சரைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தாலே எரிச்சலாக வருகிறது.

உங்கள் கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: "அணில் பாத்திரத்துக்கு நீங்கள் பேசிய குரலை இந்தத் தொடரின் பத்து எபிசோடுகளிலும் அவற்றின் முன்னோட்டத்திலும், யூடியூபிலும் தொலைக்காட்சியிலும், உலகம் முழுவதும், பத்து வருடம் பயன்படுத்துவோம். பேசும் பொம்மை, வேறு பொருளுக்கான விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனியாகப் பேசி, தனிச் சம்பளம் தருவோம்." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். அணில் பிரபலமானால் பிஸ்கட் கம்பெனிதான் முதலில் வரும், சண்டையும் அங்கேதான் தொடங்கும்.

சம்பளத்துக்கு வருவோம். "மொத்தம் இவ்வளவு" என்று மட்டும் எழுதுவது தவறு. டப்பிங்கில் படம் முடிந்திருக்கும், உதட்டைப் பார்த்துப் பேசுவார்கள். உங்கள் வேலையில் குரல்தான் முதலில் வருகிறது, அதற்கேற்பத்தான் அணிலின் வாய் அசையும். படம் வரைந்து முடித்த பிறகு நான்கு வசனம் மாறும், இரண்டு புதிதாக வரும். "சின்ன கரெக்‌ஷன்தானே, வந்துட்டுப் போங்க" என்று கோ-ஆர்டினேட்டர் கலைஞரை இலவசமாகக் கூப்பிடுவது இந்தக் கட்டத்தில்தான். அதனால் உதாரணத்துக்கு இப்படிப் பிரியுங்கள்: நான்கு மணி நேரக் கால்ஷீட் ஒன்றுக்கு 6,000 ரூபாய், மூன்று கால்ஷீட்டுக்கு 18,000. வசனம் மாறியதால் திரும்ப வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு 3,000. அவர் உச்சரிப்புப் பிழையால் திரும்பப் பேசினால் கூடுதல் பணம் இல்லை. உரிமைக்கான தொகையைத் தனி வரியில் போடுங்கள். பணம் கலைஞரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், கோ-ஆர்டினேட்டரின் கமிஷனை நீங்கள் தனியாகக் கொடுங்கள். கவரில் பணம் கைமாறினால் நீங்கள் தந்த 18,000 கலைஞரிடம் 11,000 ஆகப் போய்ச் சேரும், குறை உங்கள் பேரில் வரும்.

தேதிகளைப் பொறுத்தவரை "மாத இறுதியில்" என்று எழுதாதீர்கள். நாள், தொடங்கும் நேரம், ஸ்டூடியோ முகவரி, எந்த எபிசோடுகள் என்று நான்கும் இருக்கட்டும். ஸ்கிரிப்ட் மூன்று நாள் முன்பே போய்ச் சேரும் என்றும், ரெக்கார்டிங்குக்கு 48 மணி நேரம்கூட இல்லாதபோது நீங்கள் ரத்து செய்தால் பாதிச் சம்பளம் உண்டு என்றும் எழுதுங்கள். அலறல், அழுகை, ஓடி மூச்சு வாங்குவது எல்லாம் அந்தந்தக் கால்ஷீட்டின் கடைசி அரைமணியில்தான் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். காலையில் பருந்தைப் பார்த்து அலறவிட்டால், மதியம் தாலாட்டு பேசும்போது அணிலின் குரல் கரகரத்துக்கிடக்கும், அந்தக் கால்ஷீட்டை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.